அறுபது மில்லிகிராமா, அறுபது மில்லியா?

"டாக்டரம்மா, வணக்கம். ஆலங்குளம் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் நான். போன வாரம் நைட் டியூட்டியில் 10 மாதக் குழந்தை ஒன்று காய்ச்சலும் வாந்தியுமாக வந்தது. எடை 8 கிலோ. கேஸ் ஷீட்டில் 'இன்ஜெக்ஷன் பிசிஎம் 60 ஐவி ஸ்டாட்' என்று மட்டும் எழுதியிருந்தது. சீனியர் அக்கா 100 மில்லி பாராசிட்டமால் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டி, '40 மிச்சம் இருக்கும்போது மூடிரு' என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. டாக்டருக்கு போன் போட்டேன். 60 மில்லிகிராம்தான், 6 மில்லி போதும் என்றார். 'காய்ச்சல் மருந்துதான, கூடப் போனா என்ன ஆயிரும்?' என்று அக்காவுக்கு என் மேல் கோபம். நிஜமாகவே என்ன ஆகியிருக்கும்? இந்தப் பாட்டிலில் இருந்து கைக்குழந்தைக்கு எப்படித்தான் ஏற்றுவது? மிச்ச மருந்தை எடுத்து வைக்கலாமா?"

தங்கச்சி, நீங்கள் போன் போட்டது சரி. அக்கா சொன்னபடி ஏற்றியிருந்தால் குழந்தைக்குள் போயிருக்கும் அளவு 600 மில்லிகிராம். 8 கிலோவுக்கு அது கிலோ ஒன்றுக்கு 75 மில்லிகிராம், டாக்டர் நினைத்ததைப் போலப் பத்து மடங்கு. நரம்பு வழியாகப் போகும் பாராசிட்டமாலில் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டிவிட்டாலே மாற்று மருந்து கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது பிரிட்டனின் விஷமுறிவு ஆலோசகர்கள் வைத்திருக்கும் அளவு. ஆக, "கூடப் போனா என்ன ஆயிரும்" என்று விட்டுவிடக்கூடிய தூரத்தில் அந்த 60 மில்லி இல்லை.

இது உங்கள் அக்காவின் கவனக்குறைவு மட்டும் இல்லை. அந்தப் பாட்டிலே அப்படித்தான் வருகிறது. ஒரு மில்லியில் 10 மில்லிகிராம், 100 மில்லியில் 1000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம். 50 கிலோவுக்கு மேல் இருக்கும் பெரியவருக்கு ஒரு வேளைக்கு உரிய முழு டோஸ் அது. அதே அளவில், ஏறத்தாழ அதே தோற்றத்தில் மெட்ரோனிடசோல் பாட்டிலும் சிப்ரோஃப்ளாக்சசின் பாட்டிலும் பக்கத்துத் தட்டில் இருக்கும். நாள் முழுக்க அவற்றைப் பிரித்து, மாட்டி, ரோலரைத் திறந்து, முழுசாக ஏற்றிப் பழகிய கை இது. பாராசிட்டமாலைக் கண்டாலும் அதையேதான் செய்யும். பெரியவர்களுக்கு அப்படிச் செய்வது சரியாகவும் இருக்கும். 8 கிலோ குழந்தைக்கு வேண்டியது அதில் 6 மில்லி. மீதி 94 மில்லி குழந்தையோடு எந்த விதத்திலும் இணைக்கப்பட்டிருக்கவே கூடாது.

அப்புறம் அந்த 60. பக்கத்தில் அலகு எழுதாத எண் ஆர்டரே இல்லை. எழுதியவர் மனதில் மில்லிகிராம் இருந்திருக்கிறது. வாசித்தவர் கையில் மில்லி அளவுக்கோடு போட்ட பாட்டில் இருந்திருக்கிறது. போனில் சொல்லும்போது இது இன்னும் மோசம். நம் வார்டுகளில் "அம்பது மில்லி போடுங்க" என்றால் சில நேரம் அது மில்லிகிராம், சில நேரம் மில்லிலிட்டர். 2010இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே மருந்தைப் பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டது. கைக்குழந்தைகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் மில்லிகிராமை மில்லிலிட்டராக எடுத்துக்கொண்டு பத்து மடங்கு ஏற்றிவிடுகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். அமெரிக்க லேபிளிலும் இதே எச்சரிக்கை உண்டு. ஆலங்குளத்தில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை, அதற்காகச் சொல்கிறேன்.

இதைத் தடுக்க ஒரே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கு முன்னால் டோஸைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நர்ஸ்கள் குழம்புகிறார்கள். ஐரோப்பிய லேபிள்படி 10 கிலோ வரை உள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். 10 கிலோவைத் தாண்டி 50 கிலோ வரை கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் டாக்டர் எழுதியது இந்த முதல் கணக்கு: 8 × 7.5 = 60. அமெரிக்க லேபிளோ ஒரு மாதம் தாண்டிய குழந்தைக்கே கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம் என்கிறது. அதனால் நாளைக்கு வேறொரு டாக்டர் இதே குழந்தைக்கு 120 என்று எழுதினால் பதறாதீர்கள், அதற்கும் ஆதாரம் இருக்கிறது. வாயால் கொடுக்கும் சிரப்புக்குக் கிலோவுக்கு 15 என்று படித்திருப்பீர்கள். ஊசியில் ஏன் பாதியாகக் குறைக்கிறார்கள் என்று கேட்டால், கைக்குழந்தையின் கல்லீரல் மருந்தை மெதுவாகத்தான் கழிக்கும், நரம்பில் ஏற்றியது எதுவும் வீணாகாமல் முழுசாக உள்ளே போய்விடும் என்ற எச்சரிக்கைதான் காரணம்.

இரண்டு லேபிளில் எதை எடுத்தாலும் ஒரு விஷயம் மாறாது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் யாரும் சொல்லவில்லை. இந்தப் பாட்டிலில் 15 மில்லிகிராம் என்றால் ஒன்றரை மில்லி. ஆகவே குழந்தையின் எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். வருகிற எண்தான் ஒரு வேளைக்கு மில்லி கணக்கில் உச்சவரம்பு. 8 கிலோவுக்கு 12 மில்லி. ஷீட்டில் என்ன எழுதியிருந்தாலும், போனில் யார் சொன்னாலும், 12 மில்லிக்கு மேல் போகச் சொன்னால் எங்கோ தப்பு. அன்று இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் 60 எங்கே, 12 எங்கே என்று அக்காவுக்கே உறைத்திருக்கும். 20 கிலோ பையனுக்கு 30 மில்லி. 33 கிலோ வந்தால்தான் பாதிப் பாட்டிலையே தொடுகிறோம். இது உச்சவரம்பு மட்டும்தான், டோஸ் இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். டோஸை டாக்டர்தான் எழுத வேண்டும், அதுவும் "60 மில்லிகிராம் = 6 மில்லி, 15 நிமிடத்தில்" என்று இரண்டு அலகிலும். எழுதவில்லையா, எழுதி வாங்குங்கள்.

பெருக்குவதற்கு எடை சரியாக இருக்க வேண்டும். "பிள்ளை எட்டு கிலோ இருக்கும்" என்று ஆச்சி சொல்வதும், அங்கன்வாடி அட்டையில் இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுதிய எடையும் இதற்கு உதவாது. வாந்தியும் பேதியுமாக வந்த பிள்ளை அதற்குள் அரைக் கிலோ இறங்கியிருக்கும். குழந்தை மெஷின் இல்லையென்றால் அம்மாவோடு சேர்த்து நிறுத்தி, பிறகு அம்மாவை மட்டும் நிறுத்திக் கழித்துக்கொள்ளுங்கள். துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் கண்ணால் மதிப்பிடுவதைவிட நல்லது. ஷீட்டின் மேல் மூலையில் எடையையும் எடுத்த நேரத்தையும் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

இனி எப்படி ஏற்றுவது என்பதற்கு வருகிறேன். 10 கிலோவுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டவே கூடாது என்று ஐரோப்பிய லேபிளிலேயே சொல்லியிருக்கிறார்கள். காரணம் எளிது. பாட்டில் மேல் உள்ள கோடுகளை வைத்து 6 மில்லியை அளக்க முடியாது. சாதாரண ட்ரிப் செட்டின் குழாய் நிறையவே அதைவிட அதிகம் மருந்து வேண்டும். ரோலரை அரைக் கண் தூக்கத்தில் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டால் அந்த 6 மில்லி எப்போது தாண்டியது என்றே தெரியாது. பக்கத்துப் பெட்டில் பிரஷர் பார்க்கப் போய்த் திரும்புவதற்குள் 30 மில்லி இறங்கியிருக்கும்.

அதனால் சிரிஞ்சில் எடுங்கள். 10 மில்லி சிரிஞ்ச் போதும், 5 மில்லி சிரிஞ்ச் என்றால் இரண்டு முறை இழுக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு 6 மில்லி இழுத்த உடனே பாட்டிலை அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள். சிரிஞ்ச் பம்ப் இருந்தால் மணிக்கு 24 மில்லி வேகம் வைத்தால் சரியாக 15 நிமிடத்தில் முடியும், பிறகு ஒன்றிரண்டு மில்லி நார்மல் சலைன் தள்ளினால் குழாயில் நிற்பதும் உள்ளே போய்விடும். பம்ப் இல்லாத இடத்தில் குழந்தைகளுக்கான ப்யூரெட் செட் இருக்கும். அதன் அறையில் 14 மில்லி நார்மல் சலைன் விட்டு, இந்த 6 மில்லியைச் சேர்த்தால் 20 மில்லி. மைக்ரோ ட்ரிப்பில் 60 சொட்டு ஒரு மில்லி என்பதால் நிமிடத்துக்கு 80 சொட்டு வைத்தால் 15 நிமிடம். அறை காலியானதும் கீழே குழாயில் இன்னும் மருந்து நிற்கும், அதைத் தள்ள மறுபடி கொஞ்சம் சலைன் விட வேண்டும். இதை மறந்துவிட்டு "ஏத்தியாச்சு, காய்ச்சல் குறையலை" என்று அடுத்த டோஸ் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்துவிட வேண்டும். கையால் சட்டென்று தள்ளாதீர்கள், ரத்த அழுத்தம் இறங்கலாம்.

கலப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு சலைன் வரை சேர்க்கலாம் என்கிறது ஐரோப்பிய லேபிள். அப்படி முழுசாக நீர்த்தால் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் என்று ஆகிவிடும். அப்போது 60 மில்லிகிராமுக்கு 60 மில்லிதான் சரி! ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் இப்படி நீர்த்து ஏற்றிப் பழகியவர், இன்னொரு இடத்தில் வந்து நீர்க்காத பாட்டிலைப் பார்த்து அதே எண்ணைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் அக்காவே அப்படி எங்காவது பார்த்திருக்கலாம், தெரியாது. அதனால் மில்லி அளவைச் சொல்லும்போதெல்லாம் "பாட்டிலில் இருந்து 6 மில்லி" என்று சொல்லிப் பழகுங்கள். கலந்த பிறகு ப்யூரெட்டின் மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, மருந்தின் பெயர், 60 மில்லிகிராம், நேரம் என்று எழுதிவிடுங்கள்.

மில்லி மட்டும் எழுதினாலும் ஆபத்துதான். நம் ஊர் மருந்துக் கடைகளில் பாராசிட்டமால் 2 மில்லி ஆம்பூலாகவும் கிடைக்கிறது. அதில் ஒரு மில்லிக்கு 150 மில்லிகிராம், பாட்டிலைவிடப் பதினைந்து மடங்கு செறிவு. பெரும்பாலும் தசையில் போடுவதற்கென்று வருவது. பாட்டில் தீர்ந்துபோன ராத்திரியில் "அந்த ஆம்பூலை உடைச்சு 6 மில்லி எடு" என்று யாராவது சொன்னால் அது 900 மில்லிகிராம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று உங்கள் ஃபார்மசியில் சொல்லுங்கள். குழந்தைகள் வார்டுக்கு ஆம்பூல் வர வேண்டிய தேவையே இல்லை என்பது என் கட்சி.

சரி, 60 மில்லி போயிருந்தால்? கல்லீரல் பாராசிட்டமாலின் பெரும்பகுதியை வேறு பொருட்களோடு சேர்த்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சின்னப் பங்கு மட்டும் நாப்கி என்ற நச்சுப் பொருளாக மாறும். கல்லீரலில் உள்ள குளூட்டதயோன் அதை அப்போதைக்கப்போது செயலிழக்க வைத்துவிடும். அளவு மிஞ்சினால் குளூட்டதயோன் கையிருப்பு தீரும், நச்சு கல்லீரல் செல்களையே பிடித்துக்கொள்ளும். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கையிருப்பு கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். உங்கள் குழந்தையோ காய்ச்சலோடு, வாந்தியோடு, சரியாகப் பால் குடிக்காமல் வந்தது. அங்கே கையிருப்பும் குறைவு. கிலோவுக்கு 75 மில்லிகிராம் போனால் எல்லாக் குழந்தைக்கும் கல்லீரல் கெட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன். பலர் தப்பிவிடலாம். ஆனால் எந்தக் குழந்தை தப்பும் என்று முதல் நாளில் பார்த்துச் சொல்ல முடியாது, சிக்கலே அதுதான்.

முதல் 24 மணி நேரத்தில் குழந்தை விளையாடும், பால் குடிக்கும், காய்ச்சல்கூட இறங்கியிருக்கும். இருந்தால் கொஞ்சம் வாந்தி, முகம் வெளுப்பு, அவ்வளவுதான். அதையும் முதலில் இருந்த நோயின் கணக்கில் எழுதிவிடுவார்கள். இரண்டாம் நாளில்தான் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறத் தொடங்கும். மூன்றாம் நான்காம் நாளில் உச்சத்துக்குப் போகும், ரத்தம் உறையும் நேரம் நீளும், சர்க்கரை இறங்கும். "நல்லாத்தான இருக்கு" என்று காலையில் டிஸ்சார்ஜ் செய்த குழந்தை நாலாம் நாள் மயங்கி வருவது இப்படித்தான். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை முதல் 8 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டால் கல்லீரலை ஏறத்தாழ முழுசாகக் காப்பாற்றிவிடலாம். குழந்தை நன்றாக இருக்கும் அந்த நேரம்தான் வேலை செய்ய வேண்டிய நேரம்.

என்றாவது இப்படி நடந்துவிட்டால் உடனே ரோலரை மூடிக் குழாயை வென்ஃப்ளானில் இருந்து கழற்றுங்கள். குழாயில் நிற்பதை சலைன் விட்டுத் தள்ளிவிடாதீர்கள். பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, தொடங்கிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் எழுதுங்கள்.

ஒரு உதாரணம் போடுவோம். அதே 8 கிலோ குழந்தை. பாட்டிலில் 60 மில்லி மிச்சம் இருக்கும்போது யாரோ பார்த்து நிறுத்துகிறார்கள். 40 மில்லி போயிருக்கிறது. அதில் கொஞ்சம் குழாயிலேயே நிற்கும், ஆனாலும் முழுசாகப் போனதாகவே கணக்கு வையுங்கள்: 400 மில்லிகிராம், கிலோவுக்கு 50. வரம்புக்குக் கீழேதானே என்று மூச்சு விடத் தோன்றும். இப்போது அம்மாவைக் கேளுங்கள், வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று. "சாயந்திரம் டிராப்ஸ் ஊத்தினேன்" என்பார்கள். டிராப்ஸ் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். 1.2 மில்லி கொடுத்திருந்தால் 120 மில்லிகிராம். மொத்தம் 520, கிலோவுக்கு 65. சளிக்கென்று வாங்கிய சிரப்பிலும் பாராசிட்டமால் இருக்கும், பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். 24 மணி நேரத்தில் எல்லா வழியாகவும் போனதைக் கூட்டின பிறகுதான் அந்தக் குழந்தைக்கு எவ்வளவு என்று தெரியும்.

இந்தக் கேள்வியைத் தப்பு நடந்த பிறகு மட்டும் கேட்காதீர்கள். எந்தக் குழந்தைக்கும் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் கேளுங்கள். எந்த வழியாகக் கொடுத்திருந்தாலும் அடுத்த டோஸுக்கு இடையில் குறைந்தது 4 மணி நேரம், கிலோவுக்கு 15 என்ற கணக்கில் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. ஐரோப்பிய லேபிள் 10 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாள் மொத்தமே கிலோவுக்கு 30 மில்லிகிராமோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. குழந்தை வாயால் எடுத்துக்கொள்கிறது, வாந்தி நின்றுவிட்டது என்றால் ஊசி எதற்கு? சிரப்பே அந்தக் காய்ச்சலை இறக்கும். வாந்தி நிற்காதபோது 80 மில்லிகிராம் சப்போசிட்டரி இருக்கிறது. இதை டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

கணக்கு போட்டதும் டாக்டருக்குச் சொல்லுங்கள், பெற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவுவதும், கரித்தூள் கொடுப்பதும் இங்கே வீண். மருந்து வயிற்றில் இல்லை. மருந்து ஏறத் தொடங்கி 4 மணி நேரம் கழித்து ரத்தத்தில் பாராசிட்டமால் அளவு பார்ப்பார்கள். அதோடு கல்லீரல் நொதி, ரத்தம் உறையும் நேரம், சர்க்கரை, சிறுநீரக அளவுகள். பாராசிட்டமால் அளவு பார்க்கும் வசதி ஆலங்குளத்திலோ பாவூர்சத்திரத்திலோ சின்ன லேபில் இருக்காது. அதற்காகக் காத்திருந்து 8 மணி நேரத்தைத் தொலைக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் வழி. கிளம்பும் முன்பே அங்கே குழந்தைகள் பிரிவுக்குப் போன் போட்டு எடை, போன அளவு, நேரம் மூன்றையும் உங்கள் டாக்டர் சொல்லிவிட வேண்டும். அசிட்டைல்சிஸ்டீன் இங்கேயே இருந்தால் தொடங்கிவிட்டு அனுப்பலாமா என்பதையும் அந்தப் போனிலேயே முடிவு செய்யட்டும்.

அந்த மாற்று மருந்தும் எடைக் கணக்குதான் என்பதால் ஒரு வார்த்தை. முதல் டோஸ் கிலோவுக்கு 150 மில்லிகிராம், 8 கிலோவுக்கு 1200. ஒரு மில்லிக்கு 200 மில்லிகிராம் ஆம்பூல் என்றால் 6 மில்லி, அதை 24 மில்லி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து ஒரு மணி நேரம். பெரியவர்களுக்குக் கலக்கிற 200 மில்லியில் கலந்து ஏற்றினால் குழந்தையின் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். ஒரு தப்பைத் திருத்தப் போய் இன்னொன்று. ஏற்றும்போது முகம் சிவப்பது, இளைப்பு, தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்கிவிடுவார்கள்.

அக்காவோடு இனி எப்படி வேலை பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அதுதான் அதிகம் தெரிகிறது. "நீங்க சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தால் அடுத்த நைட் டியூட்டி நரகமாகிவிடும். "அக்கா, எட்டு கிலோ, ஒன்றரை மடங்கு பன்னெண்டு மில்லி, அறுபது எப்படி வருது, சேர்ந்து பாப்பமா?" என்று கேளுங்கள். கணக்கு அவர்கள் வாயாலேயே வரட்டும். குழந்தைக்கு நரம்பில் போகும் எந்த மருந்தையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, இரண்டு கையெழுத்து வைத்த பிறகுதான் ஏற்றுவது என்று உங்கள் டாக்டரே ஒரு தாளில் எழுதி ட்ராலியில் ஒட்டிவிட்டால் சண்டைக்கே இடமில்லை. நீங்கள் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. இரண்டாவது ஆள் எடையையும் பாட்டில் லேபிளையும் பார்த்துத் தானே புதிதாகப் போட வேண்டும்.

மிச்ச மருந்து: வைக்காதீர்கள். அதில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் கிடையாது, திறந்தால் உடனே பயன்படுத்த வேண்டும், மீதியைக் கொட்ட வேண்டும். 6 மில்லி எடுத்து 94 மில்லியைக் கொட்ட முதலாளிக்கு மனசு வராது, தெரியும். 50 மில்லி பாட்டிலும் வருகிறது, குழந்தைகளுக்கு அதை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வீணாவதும் பாதியாகும், தப்பித்தவறி மாட்டிவிட்டாலும் போகக்கூடியது 500 மில்லிகிராமோடு நிற்கும். ஊசி குத்திய பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த பிள்ளைக்கு எடுப்பது, பக்கத்துப் பெட் பெரியவருக்கு மாட்டுவது இரண்டும் வேண்டாம். கொட்டும் நேரம், சிரிஞ்சில் மருந்தை இழுத்து முடித்த உடனே. குழந்தைக்கு ஏற்றத் தொடங்கும்போது அந்தப் பாட்டில் ஸ்டாண்டிலோ ட்ராலியிலோ இருக்கக் கூடாது.